"வலிக்காது" என்று எழுதிய பாட்டைக் கழற்றிய கதை: ஒரு தடுப்பூசிச் சுவர்ப்பாட்டின் நிகழ்வு ஆய்வு

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். காலை ஒன்பது மணிக்கே திண்ணை நிறைந்துவிடும். அங்கே கிராம சுகாதார செவிலியராக இருப்பவர் என்னிடம் எட்டாம் வகுப்பில் தமிழ் படித்தவர். ஊருக்கே அவர் நர்சம்மா. என்னைப் பார்த்தால் மட்டும் இன்றைக்கும் எழுந்து நிற்பார். சுவருக்கு வெள்ளை அடித்த சமயத்தில் ஒருநாள் வந்து, "டீச்சர், சுவரு சும்மா கிடக்கு. ஊசின்னா தாயும் பயப்படுது, புள்ளையும் பயப்படுது. ஒரு பாட்டு எழுதிக் குடுங்களேன்" என்று கேட்டார். அன்று இரவே எழுதிக் கொடுத்தேன். அவ்வளவு வேகமாக எழுதியதுதான் முதல் தப்பு.

எழுதியது இது:

ஊசி என்றால் அச்சமேன்?
உனக்கு வலிக்கா தென்கண்ணே!
எறும்பு கடித்தாற் போலத்தான்
இமைக்கும் முன்னே முடிந்துவிடும்!
காய்ச்சல் வந்தால் கலங்காதீர்
காவல் மருந்தின் அடையாளம்!
ஆபத் தொன்றும் இல்லையம்மா
அண்டா தினிமேல் எந்நோயும்!

சந்தம் சரியாக விழுந்திருந்தது. மோனைக்கும் குறைவில்லை. நர்சம்மா ஃப்ளெக்ஸில் அடித்து, ஊசி போடும் மேசைக்கு மேலே மாட்டினார். நாலு புதன்கிழமை கழிந்ததும் அவரே அதைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். "தப்பா நினைக்காதீங்க டீச்சர். பாட்டு அழகா இருக்கு. ஆனா அது எனக்கு எதிரா வேலை செய்யுது."

என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அன்று அவர் வரிவரியாகச் சொன்னதுதான் இந்த ஆய்வின் பெரும்பகுதி.

முதலில் "வலிக்காது". ஐந்து வயதில் போடும் முத்தடுப்பு ஊசிக்கு ஒரு பையன் வந்திருக்கிறான். அம்மா சுவரைப் பார்த்து வாசித்துக் காட்டியிருக்கிறாள்: வலிக்காதாம், எறும்பு கடிக்கிற மாதிரிதானாம். ஊசி இறங்கியது. பையன் நர்சம்மாவை விட்டுவிட்டு அம்மாவைப் போட்டு அடித்தானாம். "பொய் சொன்னே, பொய் சொன்னே" என்று. வாசலில் நின்ற அவன் தங்கைக்கு ஒன்றரை வயது. அவளுக்கும் அன்றைக்கு ஊசி உண்டு. அவளை உள்ளே கொண்டுவரப் பத்து நிமிடம் ஆனது. அண்ணனின் குரல் சுவர் எழுத்தைத் தாண்டி அவளுக்குப் போய்விட்டது.

வலிக்கும் என்பது ஊசி போடுகிறவருக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், பிள்ளைக்கு இன்னும் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்துக்காகச் சொல்லும் பொய்க்கு அடுத்த தவணையில் வட்டி கட்ட வேண்டும். இது நர்சம்மாவின் அனுபவம் மட்டுமல்ல. தடுப்பூசி போடும்போது வலியைக் குறைப்பது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஒரு நிலைப்பாட்டு அறிக்கை வெளியிட்டது. ஊசி போடுபவர் அமைதியாக இருக்க வேண்டும், நடுநிலையான சொற்களைப் பயன்படுத்த வேண்டும், பயத்தைக் கூட்டும் சொல்லும் கூடாது, பொய்யாகத் தேற்றும் சொல்லும் கூடாது என்கிறது அது. "ஒரு நொடிதான் வலிக்கும்" என்பதையே அந்த அறிக்கை பொய்த் தேற்றலில் சேர்க்கிறது. என் பாட்டின் "இமைக்கும் முன்னே முடிந்துவிடும்" அங்கேயே அடிபட்டுப் போனது.

நம் பக்கத்தில் இந்தப் பொய்க்கு இன்னொரு முகமும் இருக்கிறது. "சாப்பிடலன்னா நர்சம்மா ஊசி போட்ருவாங்க" என்று ஆண்டு முழுக்க மிரட்டிவிட்டு, புதன்கிழமை மட்டும் "வலிக்காதுடா தங்கம்" என்கிறோம். பிள்ளை எதை நம்பும்? இதைப் பாட்டில் சொல்ல நினைத்துப் பிறகு விட்டுவிட்டேன். சுவரில் ஏறி நின்று தாயைத் திட்டக்கூடாது.

இரண்டாவது "அடையாளம்". காய்ச்சல் வந்தால் தாய் பதறக்கூடாதே என்றுதான் அந்த வரியை எழுதினேன். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத்தில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் கக்குவான் இருமலுக்கான முழு உயிரணுக் கூறு இருக்கிறது. பல குழந்தைகளுக்குக் காய்ச்சல் வருவது அதனால்தான். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும். இதில் தவறில்லை. ஆனால் காய்ச்சலை மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்று எழுதியதும், காய்ச்சல் வராத பிள்ளையின் தாய் மறுநாள் வந்து நிற்கிறாள்: "நர்சம்மா, என் புள்ளைக்கு உடம்பு சுடவே இல்ல. ஊசி பிடிக்கலையா? திரும்பப் போடுவீங்களா?" காய்ச்சல் வராவிட்டாலும் ஊசி வேலை செய்யும். ஒரு பயத்தைத் துடைக்கப் போய் இன்னொன்றை நானே உண்டாக்கியிருந்தேன்.

மூன்றாவது கடைசி இரண்டு அடிகள். "எந்நோயும் அண்டாது" என்றதும் சளி பிடித்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்கிறார்கள், ஊசி போட்டும் ஏன் சளி என்று. அதுகூடப் பரவாயில்லை. "ஆபத்தொன்றும் இல்லையம்மா" என்ற அடியை வாசித்த ஒரு பாட்டி, "அப்ப திருவள்ளூர்ல செத்துப்போன புள்ளைங்க?" என்று கேட்டிருக்கிறார். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட பின் நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு தமிழ்நாட்டில் கிராமங்களுக்குப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, சுகாதார நிலையங்களிலேயே போடும்படி மாற்றினார்கள். அந்தச் செய்தி பாட்டிகளின் நினைவில் அப்படியே இருக்கிறது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸப்பில் வந்த வதந்திகளுக்குப் பயந்து, என் பள்ளியிலேயே பல பெற்றோர் பிள்ளைகளை அன்றைக்கு அனுப்பவில்லை. இத்தனையையும் பார்த்தவர்களிடம் எட்டு அடி போட்டு "ஆபத்தில்லை" என்றால் யார் கேட்பார்கள்? அந்தப் பாட்டியின் கேள்விக்குப் பாட்டு பதில் சொல்லக்கூடாது. அவருக்கு நர்சம்மா எதிரே உட்கார்ந்து பேச வேண்டும்: குப்பி எப்போது திறக்கப்பட்டது என்று நேரம் எழுதுகிறோம், ஒவ்வொரு பிள்ளைக்கும் பிரிக்காத புது ஊசி, போட்ட பின் அரைமணி நேரம் இங்கேயே வைத்துப் பார்க்கிறோம் என்று. அன்று அவர் பேசினார். பாட்டி பேத்திக்கு ஊசி போட்டுக்கொண்டுதான் போனார்.

அப்படியானால் பாட்டு எதற்கு? நர்சம்மாவிடமே கேட்டேன். "பயப்படாதேன்னு சொல்ல வேண்டாம் டீச்சர். என்ன செய்யணும்னு சொல்லுங்க. கைக்கு ஒரு வேலை இருந்தா பயம் தானா ஒதுங்கும்." இரண்டாவது பாட்டு இந்த இடத்திலிருந்து தொடங்கியது.

அடுத்த புதன்கிழமை முழுக்க அங்கே ஓர் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதல்முறை இதைச் செய்யாமல் எழுதியிருந்தேன். சின்னக் குழந்தையை மேசையில் மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை அழுத்திப் பிடிப்பது பல இடங்களில் வழக்கம். இங்கே நர்சம்மா தாயை முதுகு சாயும் நாற்காலியில் உட்காரவைக்கிறார். கைக்குழந்தை என்றால் முதலில் வாய்வழி மருந்துகள். அதில் ரோட்டா சொட்டு இனிப்பு. பிறகு பால் கொடுக்கச் சொல்லி, குழந்தை குடித்துக்கொண்டிருக்கும்போதே தொடையில் ஊசி. வளர்ந்த பிள்ளை என்றால் மடியில் உட்கார்த்தி, தாய் ஒரு கையால் அணைத்துக்கொள்ள, பிள்ளை எதையாவது ஊதவேண்டும். முதலில் காகிதக் காற்றாடி வைத்திருந்தாராம். ஒரே வாரத்தில் எல்லாக் காற்றாடியும் பிள்ளைகளோடு வீட்டுக்குப் போய்விட்டது. "வெறுங்கையில ஊதச் சொன்னா ஊத மாட்டேங்குதுங்க. எதையாவது நினைச்சு ஊதணும்" என்றார்.

எதை நினைத்து ஊதுவார்கள்? நானும் பிறந்தநாள் மெழுகுவத்தி என்றுதான் முதலில் யோசித்தேன். எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகள் அதை ஊதியதே இல்லை. சூடான இட்லியை ஊதாத பிள்ளை ஒன்றுகூட இல்லை.

வளர்ந்த பிள்ளைகளுக்காக எழுதிய வரைவு இது. இந்த முறை நேராக ஃப்ளெக்ஸுக்குப் போகவில்லை. சார்ட் தாளில் கையால் எழுதி ஒட்டினோம்.

வா வா கண்ணு மடிமேலே
வந்து சாஞ்சு உட்காரு
சுருக்குன் னுதான் குத்தும்கண்ணு
சொல்லிட் டேன்நான் முன்னாடி
ஆவி பறக்கும் இட்லியை
ஆற வைக்க ஊதுவோம்
ஒண்ணு ஊது ரெண்டு ஊது
மூணு ஊது முடிஞ்சாச்சு
அழுகை வந்தா அழுதுக்கோ
அம்மா தோளு இங்கிருக்கு

முதல் வாரத்திலேயே இரண்டு இடத்தில் இடித்தது. ஒன்று "முடிஞ்சாச்சு". ஐந்து வயதுக்கு ஒரே ஊசிதான், அங்கே சரி. ஒன்றரை வயதுப் பிள்ளைக்குத் தட்டம்மை ரூபெல்லா ஒன்று, முத்தடுப்பு ஒன்று என இரண்டு ஊசி. முதல் ஊசியோடு தாய் "முடிஞ்சாச்சு" என்று பாடிவிட, பிள்ளை உடம்பைத் தளர்த்தி எழுந்திருக்கப் பார்க்கும்போது அடுத்த ஊசி வருகிறது. மறுபடியும் பொய். என் கையை விட்டுப் பொய் போகமாட்டேன் என்கிறது பாருங்கள். "மூணு ஊது நாலு ஊது" என்று மாற்றி, முடிந்தது என்று சொல்லும் உரிமையை நர்சம்மாவிடமே விட்டுவிட்டேன். எத்தனை ஊசி என்று அவருக்குத்தானே தெரியும்.

இன்னொன்று "அம்மா தோளு". பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவது எப்போதும் அம்மா இல்லை. அப்பா, பாட்டி, சித்தி வருகிறார்கள். அம்மா வெளியூர் வேலையில் இருக்கும் பிள்ளை ஒன்று அந்த வரியைக் கேட்டதும் உதட்டைப் பிதுக்கியதாம். "சாயத் தோளு இங்கிருக்கு" என்றானது. மோனை போனது. போகட்டும்.

"அழுதுக்கோ" என்ற சொல்லுக்கு மருத்துவரிடமிருந்து ஒரு ஆட்சேபம் வந்தது. அழச் சொல்லிக் கொடுக்கலாமா என்றார். நர்சம்மா விட்டுக்கொடுக்கவில்லை. அழாதே என்று சொல்லும் தாய்தான் பிள்ளையைவிட அதிகம் பதறுகிறாள், கையை இறுக்கி நெரிக்கிறாள். அழலாம் என்று சொல்லிவிட்டால் அவளும் மூச்சு விடுகிறாள் என்பது அவர் வாதம். சொல் நின்றது.

இனி இடம். முதல் பாட்டு மேசைக்கு மேலே தொங்கியது. அங்கே நிற்கிறவருக்கு வாசிக்க நேரமும் இல்லை, மனமும் இல்லை. கையில் பிள்ளை, கக்கத்தில் பை, வாயில் தாய் சேய் நல அட்டை. அந்த நிலையத்தில் மக்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் இரண்டு. ஊசிக்கு முன் வரிசையில் காத்திருப்பது ஒன்று, ஊசிக்குப் பின் அரைமணி நேரம் கண்காணிப்பில் இருப்பது இன்னொன்று. முன்னே காத்திருப்பவர்களின் கண்ணெதிரே இட்லிப் பாட்டை மாட்டினோம். உள்ளே போவதற்குள் பிள்ளைக்கு அது பாடமாகியிருக்கும். பின்னே உட்காருபவர்களுக்கு வேறு பாட்டு வேண்டும். அவர்கள் மனதில் இருப்பது இன்றைய ராத்திரி.

அந்த இரண்டாவது பலகைக்கு எழுதியது:

ஊசி போட்ட பின்னாலே
உடனே கிளம்ப வேண்டாமே
அரைமணி நேரம் இருந்திடுங்க
அருகில் நாங்கள் இருக்கின்றோம்

சுடலாம் உடம்பு ஓரிரு நாள்
சுடாமல் இருந்தால் அதுவும்சரி
பாலை மட்டும் நிறுத்தாமல்
பசிக்கும் போதெலாம் கொடுத்திடுங்க

தொடையில் வீங்கிச் சிவந்தாலும்
தொட்டுத் தேய்க்க வேண்டாமே
நனைத்துப் பிழிந்த துணிபோதும்
மெல்ல மெல்ல வற்றிவிடும்

வலிப்பு, மூச்சுத் திணறல்வந்தால்,
வாடித் துவண்டு கிடந்துவிட்டால்,
மூணு மணிநேரம் ஓயாமல்
அழுதால் நூற்றி எட்டழைங்க

மூன்றாம் கண்ணியின் கடைசி அடி முதலில் "நாலு நாளில் வற்றிவிடும்" என்று இருந்தது. வலியில்லாத சின்ன உருண்டை சில பிள்ளைகளுக்கு வாரக்கணக்கில் இருக்கும், ஐந்தாம் நாள் நாலு பேர் வந்து நிற்பார்கள் என்றார் நர்சம்மா. எண்ணை எடுத்துவிட்டேன். பாட்டில் எண் போடுவதே ஆபத்து என்று அப்போதுதான் புரிந்தது. சந்தத்தோடு சேர்ந்த எண் மண்டையில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைப் பிய்க்க முடியாது. காய்ச்சலுக்கான பாரசிட்டமால் சொட்டு மருந்தின் அளவைப் பாட்டில் சேர்க்கச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். மறுத்துவிட்டோம். அந்த அளவு பிள்ளையின் எடையைப் பொறுத்தது. பக்கத்து வீட்டுக் குண்டுப் பிள்ளைக்குச் சரியான அளவு இந்த வீட்டு ஒன்றரை மாதக் குழந்தைக்கு அதிகமாகிவிடும். அதை அட்டையில் எழுதிக் கொடுப்பதுதான் முறை.

ஊசி அட்டவணையையும் பாட்டில் கோக்கவில்லை. அட்டவணை மாறும். போலியோ ஊசி முன்பு இரண்டு தவணை. 2023இல் ஒன்பதாம் மாதத்தில் மூன்றாவதும் சேர்ந்தது. பழைய பாட்டு சுவரில் இருந்திருந்தால் அது புது அட்டையோடு சண்டை போட்டிருக்கும். ஓரிரு நாள் என்ற தோராயம் போக, விட்டுவைத்த எண்கள் அரைமணி, மூன்று மணி, நூற்றெட்டு, இவ்வளவுதான். இவை எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றே.

காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. பற்றி ஒரு கண்ணி எழுதிப் பிறகு நீக்கினேன். பிறந்ததும் இடது தோளில் போடும் அந்த ஊசி சில வாரம் கழித்துச் சின்னக் கட்டியாகி, உடைந்து, தழும்பாகும். அது இயல்புதான், எதையும் தடவக்கூடாது. ஆனால் இந்தப் பெஞ்சில் உட்காரும் தாய்க்கு அது முந்தைய கதை. பிரசவ வார்டுச் சுவருக்கு வேண்டுமானால் தனியாக எழுத வேண்டும். ஒரு சுவருக்கு நாலு கண்ணிக்கு மேல் தாங்காது. அதற்கு மேல் போனால் எழுத்து சிறுத்துவிடும்.

எழுத்து என்றதும் அச்சுக் கூத்தைச் சொல்ல வேண்டும். பெஞ்சுக்கும் சுவருக்கும் சுமார் பத்தடி. அந்தத் தொலைவில் பார்வை மங்கிய கண்ணுக்கும் சுகமாகத் தெரிய எழுத்து ஓர் அங்குல உயரமாவது வேண்டும். தமிழ் எழுத்து அகலம் கேட்கும். "உட்காரு" என்ற ஒரு சொல்லே பலகையின் கால்வாசியைப் பிடித்துக்கொண்டது. கடைக்காரத் தம்பி நான் வாட்ஸப்பில் அனுப்பிய பாட்டைத் தன் பழைய மென்பொருளில் ஒட்ட, கொம்பும் காலும் தனித்தனியே போய் விழுந்து "கொடுத்திடுங்க" யாருக்கும் புரியாத ஒன்றாகிவிட்டது. வேறு எழுத்துருவில் மறுபடி அடிக்கச் சொல்லி, அச்சுக்கு முன் ஒவ்வோர் அடியையும் விரல் வைத்து வாசித்துப் பார்த்தேன். நூற்றி எட்டை எண்ணால் 108 என்றும் கீழே பெரிதாகப் போடச் சொன்னேன், வாசிக்கத் தெரியாதவருக்கும் அது தெரியும் என்பதால். அழகுக்காக அவர் சேர்த்திருந்த படத்தில் ஊசி ஒரு முழ நீளம் இருந்தது, பக்கத்தில் வாய்விட்டு அழும் வெள்ளைக்காரக் குழந்தை. இரண்டையும் எடுக்கச் சொன்னோம். சிவப்பு எழுத்தையும் கருநீலமாக மாற்றினோம். ஆஸ்பத்திரிச் சுவரில் சிவப்பைக் கண்டால் ஜனங்கள் எய்ட்ஸா, காசநோயா என்று கேட்கிறார்கள்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அழும் பிள்ளைகளை எண்ணுவதில் பயனில்லை. அழுவதை நாங்கள்தானே அனுமதித்திருக்கிறோம். நர்சம்மா வேறு மூன்றைக் கவனிக்கிறார். தாய் தானாக நாற்காலியைத் தேடி உட்காருகிறாளா. அரைமணி ஆகும் முன் எழுந்து போகிறவர்கள் குறைகிறார்களா. மறுநாள் வரும் தொலைபேசி அழைப்புகளில் என்ன கேட்கிறார்கள். முதல் இரண்டும் தேறியிருக்கின்றன. அழைப்புகள் குறையவில்லை, ஆனால் கேள்வி மாறியிருக்கிறது. "சுடுது, என்ன பண்ண?" என்பது போய், "நேத்துலேர்ந்து சுடுது, பால் குடிக்குது, துவளல, வரணுமா?" என்று கேட்கிறார்களாம். பாட்டின் வரிசையிலேயே.

வராதவர்களை இந்தப் பாட்டு வரவைக்காது. சுவரைப் பார்க்க முதலில் சுவர் இருக்கும் இடத்துக்கு வந்தாக வேண்டும். ஊசியே வேண்டாம் என்று வீட்டுக்குள் இருப்பவர்களிடம் நர்சம்மா இன்றும் நடந்துபோய்த்தான் பேசுகிறார்.

போன மாதம் பள்ளியில் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு ரண ஜன்னி, தொண்டை அடைப்பான் தடுப்பூசி போட்டார்கள். இட்லிப் பாட்டைப் பாடலாமா என்று கேட்டதற்கு ஐந்தாம் வகுப்பு முழுக்கச் சிரித்தது. பிறகு வரிசையில் முன்னால் நின்றவனுக்கு ஊசி இறங்குவதைப் பார்த்து மூன்றாவதாக நின்ற பெண் மயங்கிச் சாய்ந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. மருந்து இன்னும் அவர்கள் உடம்பைத் தொடவே இல்லை. அந்த வயதுக்கு நான் பாட்டு எழுதவில்லை. ஊசி போடும் இடத்தை மறைக்க ஒரு திரையும், நின்றுகொண்டு போட்டுக்கொள்ளாமல் உட்கார ஒரு பெஞ்சும் தலைமை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறோம்.